படிக்கட்டில் நிற்கும் பொம்மையின் முழங்கால்

வீட்டில் பிள்ளைகள் முப்பரிமாண வீடியோ கேம் ஏதாவது ஆடிக்கொண்டிருந்தால், ஒரு நிமிடம் கன்ட்ரோலரை வாங்கிப் பாருங்கள். திட்டு கிடைக்கும், பரவாயில்லை. நாயகனை ஒரு படிக்கட்டுக்குக் கூட்டிப் போய், ஏறவும் விடாமல் இறங்கவும் விடாமல், குறுக்காகத் திருப்பி நிறுத்துங்கள். ஒரு கால் மேல்படிக்கு நேராகவும் மற்றது கீழ்ப்படிக்கு நேராகவும் வரட்டும். பிறகு கேமராவைத் தாழ்த்திப் பாதங்களைப் பாருங்கள்.

கொஞ்சம் பழைய விளையாட்டென்றால், அல்லது அவசரத்தில் செய்ததென்றால், கீழ்ப்படிப் பக்கத்துக் கால் ஒரு சாண் உயரத்தில் அந்தரத்தில் நிற்கும். நன்றாகச் செய்த விளையாட்டில் இரண்டு பாதமும் அதனதன் படியில் பதிந்திருக்கும், மேல்படிக் காலின் முழங்கால் மடங்கியிருக்கும், இடுப்பு சற்று இறங்கியிருக்கும். ஆடுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. நான் இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால், எந்த விளையாட்டைத் திறந்தாலும் முதலில் தேடுவது படிக்கட்டைத்தான்.

கால் ஏன் அந்தரத்தில் நிற்கிறது? கணினிக்குள் இருக்கும் பொம்மைக்கு ஓர் எலும்புக்கூடு உண்டு. இடுப்பு எலும்பிலிருந்து தொடை, தொடையிலிருந்து கெண்டைக்கால், அதிலிருந்து பாதம் என்று ஒன்றில் ஒன்று தொங்கும் சங்கிலி அது. அனிமேஷன் என்று நாம் சொல்வது, ஒவ்வொரு நொடித்துளியிலும் எந்த மூட்டு எத்தனை பாகை திரும்ப வேண்டும் என்ற பட்டியல். இடுப்பில் தொடங்கி, ஒவ்வொரு மூட்டையும் அந்தந்தக் கோணத்துக்குத் திருப்பிக்கொண்டே போனால் கடைசியில் பாதம் எங்கோ ஓரிடத்தில் வந்து நிற்கும். எங்கே நிற்கிறது என்பது பட்டியலுக்குத் தெரியாது. அனிமேட்டர் அதை ஒரு சமதரையின் மேல் வைத்துச் செய்தார். அதனால் சமதரையில் மட்டும் பொருந்துகிறது.

இதைத் தலைகீழாக்க வேண்டும். பாதம் இங்கே இருக்க வேண்டும் என்று முதலில் சொல்லிவிட்டு, அதற்கு முழங்காலும் தொடையும் எத்தனை பாகை திரும்ப வேண்டும் என்று பின்னோக்கிக் கண்டுபிடிப்பது. இதற்குப் பெயர் இன்வர்ஸ் கைனமாட்டிக்ஸ். எங்கள் பேச்சில் ஐ.கே. மட்டும்தான். ரோபோ கைகளைச் செய்தவர்கள் முன்பே வைத்திருந்த கணக்கு. திருகாணி எங்கே இருக்கிறது என்று தெரியும், கை எப்படி மடங்கினால் அங்கே போகும் என்பதுதான் அவர்களுடைய கேள்வியும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நம் பொம்மையின் தொடை எலும்பு 45 செ.மீ., கெண்டைக்கால் 43 செ.மீ. காலை முழுக்க நீட்டினால் இடுப்பு மூட்டிலிருந்து கணுக்கால்வரை 88 செ.மீ. சாதாரணமாக நிற்கும் அனிமேஷனில் முழங்கால் லேசாகத் தளர்ந்து, அந்தத் தூரம் 87 செ.மீ. இருக்கிறது. படியின் உயரம் 17 செ.மீ. பொம்மை குறுக்காக நிற்கிறது. வலது கால் மேல்படியில் சரியாகப் பதிந்திருக்கிறது, இடது கால் 17 செ.மீ. அந்தரத்தில்.

தரை எங்கே என்று முதலில் தெரிய வேண்டும். பாதத்துக்கு மேலே, ஏறத்தாழ முழங்கால் உயரத்திலிருந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டைச் செங்குத்தாகக் கீழே விடுகிறோம். கிணற்றில் கயிறு விட்டு ஆழம் பார்ப்பது போலத்தான். ரேகாஸ்ட் என்று பெயர். கோடு எதில் முட்டுகிறதோ அந்த இடத்தின் உயரமும், அந்தப் பரப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதும் கிடைத்துவிடும்.

இதில் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறை விழும் குழி ஒன்று உண்டு. நானும் விழுந்தேன். கோடு முட்டிய உயரத்தை எடுத்து, பாத எலும்பை நேராக அங்கே கொண்டுபோய் வைத்தேன். சோதனை பார்க்கும் தம்பி வந்து, “அண்ணே, உங்க ஆளு சேத்துல நிக்கிறாரா?” என்றான். பாதங்கள் கணுக்கால்வரை தரைக்குள் புதைந்திருந்தன. பாத எலும்பு என்று கணினி சொல்வது உள்ளங்காலை அல்ல, கணுக்கால் மூட்டை. அது தரையிலிருந்து எட்டு, பத்து செ.மீ. மேலே இருக்கிறது. அந்த உயரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான், ஆனால் ஒரு மதியம் போனது.

சரி, இடது காலுக்குத் தரை 17 செ.மீ. கீழே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. காலை நீட்டிவிடலாமா? இடுப்பிலிருந்து கணுக்காலுக்கு இப்போது 87, இன்னும் 17 வேண்டும். ஆக 104 செ.மீ. கால் மொத்தமே 88 செ.மீ. எட்டாது.

இந்த வேலை முழுவதற்கும் சாவி இந்த இடத்தில்தான் இருக்கிறது, பலரும் இதைத்தான் தாமதமாகப் புரிந்துகொள்கிறார்கள். கால் எட்டவில்லையென்றால் இறங்க வேண்டியது இடுப்பு. நீங்களே ஒரு படிக்கட்டில் குறுக்காக நின்று பாருங்கள். கீழ்ப்படியில் இருக்கும் கால்தான் ஏறக்குறைய நேராக நின்று உடம்பைத் தாங்கும். மேல்படிக் கால் மடங்கிக்கொள்ளும். உடம்பின் உயரத்தைத் தீர்மானிப்பது எப்போதும் தாழ்வான பாதம். ஆகவே நிரலில் எழுதும் விதியும் அதுவே: இரண்டு பாதங்களுக்கும் எவ்வளவு இறங்க வேண்டும் என்று பார், எது அதிகமோ அந்த அளவுக்கு இடுப்பை இறக்கு. நம் கணக்கில் இடுப்பு 17 செ.மீ. இறங்குகிறது. இடது காலுக்கு மறுபடியும் 87 செ.மீ. கிடைத்துவிட்டது, அது பழையபடி நிற்கலாம். வலது காலுக்கோ இப்போது 70 செ.மீ. தூரம்தான் இருக்கிறது. 88 செ.மீ. நீளக் காலை 70 செ.மீ. இடைவெளிக்குள் மடக்க வேண்டும்.

மடக்குவதற்கு யூக்ளிட் போதும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஒரு முக்கோணம். மூன்று பக்கங்களும் தெரியும்: 45, 43, 70. மூன்று பக்கமும் தெரிந்தால் கோணங்கள் தெரியும். பத்தாம் வகுப்பைத் தாண்டிய பலர் மறந்துபோன கொசைன் விதி. யூக்ளிடின் ‘எலிமென்ட்ஸ்’ நூலின் இரண்டாம் பாகத்திலேயே, கொசைன் என்ற சொல் இல்லாமல், இந்த உண்மை இருக்கிறது. a தொடை, b கெண்டைக்கால், d தூரம் என்று கொண்டால்:

```
cos K = (a² + b² − d²) / (2ab)
```

எண்களைப் போட்டால் மேலே −1026, கீழே 3870. விடை ஏறத்தாழ −0.265. முழங்காலின் உட்கோணம் 105 பாகை. அதே விதியை இடுப்பு முனைக்குப் போட்டால், இடுப்பையும் கணுக்காலையும் சேர்க்கும் கோட்டிலிருந்து தொடை 36 பாகை விலக வேண்டும் என்று வருகிறது. முடிந்தது. ஒரு நொடிக்கு அறுபது தடவை, காட்சியில் உள்ள ஒவ்வொருவருக்கும் இதைச் செய்தாலும் இன்றைய கணினிக்கு அது ஒரு பொருட்டல்ல. யூனிட்டி எஞ்சினில் `OnAnimatorIK`, அன்ரியலில் `Two Bone IK` என்ற பெயர்களின் பின்னால் இருப்பது இந்த முக்கோணம்தான்.

ஒரு சின்ன விஷயம் மிச்சம். முக்கோணம் எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று கொசைன் விதி சொல்லாது. இடுப்பும் கணுக்காலும் நிலையாக இருக்க, முழங்கால் அவற்றைச் சுற்றி ஒரு வட்டத்தில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். நம் கணக்கில் அது சுமார் 27 செ.மீ. ஆரமுள்ள வட்டம். முன்னால் ஒரு புள்ளியைக் குறித்து, முழங்கால் அதைப் பார்த்தபடி இருக்கட்டும் என்று சொல்லிவிட வேண்டும். அந்தப் புள்ளியைத் தப்பாக வைத்தால் முழங்கால் பின்பக்கம் மடங்கும், மனிதன் கொக்கு மாதிரி நிற்பான். (கொக்குக்குப் பின்னால் மடங்குவதாக நாம் நினைப்பது அதன் முழங்கால் அல்ல, கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது, நம்முடையதைப் போலவே முன்பக்கமாகத்தான் மடங்குகிறது.)

இடுப்பை இறக்க மறந்துவிட்டு 104 செ.மீ. தூரத்தை அப்படியே விதிக்குள் போட்டால் என்ன ஆகும்? விடை −1.79. கொசைன் ஒருபோதும் −1க்குக் கீழே போகாது. அப்படி ஒரு கோணமே இல்லை. கணினி `NaN` என்று கையை விரித்துவிடும், ‘இது எண்ணே அல்ல’ என்று அர்த்தம். அந்த எண்ணல்லாத எண்ணை எலும்பில் ஏற்றினால் திரையில் கால் மறைந்துபோகும். சில நேரம் தொடைத் தோல் வானம்வரை இழுபடும். கால் காணாமல் போனால் மாடலைத் தேடிப் பிரயோசனமில்லை, இந்தக் கணக்கைத்தான் தேட வேண்டும். தூரத்தை எப்போதும் காலின் நீளத்துக்குள் அடக்கிவிட்டுத்தான் விதிக்குள் அனுப்ப வேண்டும்.

ஆனால் 88க்குள் அடக்கினால் போதும் என்று நினைத்தால் அடுத்த தொல்லை வரும். இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் நிறுத்திவைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். நடக்கும்போது மட்டும் முழங்கால் வெடுக்கென்று உதறும். காரணத்தை நம் எண்களிலேயே பார்க்கலாம். தூரம் 71லிருந்து 70 ஆகக் குறைந்தால் முழங்கால் சுமார் 2 பாகை மடங்குகிறது. 88லிருந்து 87 ஆகக் குறைந்தால்? 180 பாகையிலிருந்து 163க்கு வந்துவிடுகிறது. அதே ஒரு செ.மீ.தான், ஆனால் 17 பாகை! முதல் ஒரு மில்லிமீட்டரே ஐந்து பாகைக்கு மேல் தின்றுவிடும். கதவை மூடும்போது கடைசி நூலிழையில் தாழ்ப்பாள் படக்கென்று விழுவது போல, கால் முழுதாக நீளும் அந்தக் கடைசி ஓரத்தில் முழங்கால் படக்கென்று நிமிர்கிறது, அடுத்த ஃபிரேமில் படக்கென்று மடங்குகிறது.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூக்கஸ் கோவர், ஜான் ஷ்ரைனர், மைக்கேல் கிளைச்சர் மூவரும் 2002இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதற்கு எனக்குப் பிடித்த ஒரு வழியைச் சொல்கிறது. மனிதர்களின் அசைவைப் பதிவுசெய்து பொம்மைக்கு ஏற்றும்போது பாதங்கள் தரையில் வழுக்குவதைச் சரிசெய்யும் முறை பற்றிய கட்டுரை அது. முழங்கால் உதறுவதைவிட, எலும்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீட்டிவிடுவது மேல் என்பது அவர்கள் முடிவு. உடற்கூறு படித்தவர்களுக்கு இது பாவம் போலத் தோன்றலாம். ஆனால் மனிதக் கண் ஒரு செ.மீ. நீண்ட தொடையைக் கண்டுபிடிக்காது, ஓர் உதறலைக் கட்டாயம் கண்டுபிடிக்கும். எலும்பை நீட்ட மனமில்லாதவர்கள் வேறு வழியில் போவார்கள்: இடுப்பை இன்னும் ஒன்றிரண்டு செ.மீ. இறக்கி, கால் ஒருபோதும் முழுதாக நீளும் ஓரத்துக்கு வராமல் பார்த்துக்கொள்வார்கள். இதுவும் மறுபடி இடுப்பில் செய்யும் வேலைதான் என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தது பாதத்தின் சாய்வு. சரிவான பாதையில் கால் உயரம் சரியாக இருந்தாலும், பாதம் படுக்கையாக இருந்தால் குதிகாலோ விரல்நுனியோ மண்ணுக்குள் போகும். கோடு முட்டிய பரப்பின் சாய்வுக்கு ஏற்பப் பாதத்தைத் திருப்பு என்று பாடப்புத்தகம் சொல்லும். சிமென்ட் சரிவில் அது சரிதான். பாறை நிலத்தில் சரிப்படாது. கோடு என்பது ஊசி முனை. அது விழும் இடத்தில் ஒரு கூழாங்கல்லின் செங்குத்தான முகம் இருந்தால், பாதம் முழுவதும் அந்தக் கல்லின் சாய்வுக்குத் திரும்பி, கணுக்கால் சுளுக்கிக்கொண்டது போல் நிற்கும். ஒரு கோட்டுக்குப் பதில் குதிகாலில் ஒன்று, விரல் அடியில் ஒன்று என்று இரண்டு விடுவது நல்லது. இரண்டுக்கும் இடையே 18 செ.மீ., உயர வித்தியாசம் 5 செ.மீ. என்றால் பாதம் சுமார் 16 பாகை சாய்ந்தால் போதும். நடுவில் கூழாங்கல் இருக்கிறதா என்பது பாதத்துக்குத் தேவையில்லாத தகவல். செருப்புப் போட்ட நமக்கும் அப்படித்தான்.

இதுவரை நின்றுகொண்டிருந்தோம். நடக்கத் தொடங்கினால் கதை மாறுகிறது. பாதத்தை எப்போதும் தரையில் ஒட்டு என்று சொல்லிவிட்டால், பொம்மை பாதங்களைத் தூக்கவே தூக்காமல் பனிச்சறுக்கு வீரனைப் போல் இழுத்துக்கொண்டு போகும். அனிமேஷனில் பாதம் தரையிலிருந்து எவ்வளவு தூக்கப்பட்டிருக்கிறதோ, அந்த உயரத்தை உண்மையான தரையின் மேல் கூட்டிக்கொள்ள வேண்டும். பாதம் ஊன்றும் கணங்களில் மட்டும் அதை ஓரிடத்தில் பூட்டிவைத்து, தூக்கும் கணத்தில் மெதுவாக விடுவிக்க வேண்டும். எப்போது ஊன்றுகிறது என்பதை அனிமேஷனோடு சேர்த்து ஒரு வளைகோடாக எழுதிவைப்பார்கள்: ஒன்று என்றால் ஊன்றியிருக்கிறது, பூச்சியம் என்றால் காற்றில்.

படி ஏறும்போது இதுவும் போதாது. சமதரையில் நடக்கிறவர் பாதத்தை அதிகம் தூக்குவதில்லை. முன்னே போகும் பாதத்தின் கீழே கோடு விட்டுக்கொண்டே போனால், படியின் விளிம்பைத் தாண்டும் அந்த ஒரு ஃபிரேமில் தரை திடீரென்று 17 செ.மீ. உயர்ந்துவிடுகிறது. அதுவரை பாதம் படியின் முகப்பை ஊடுருவிக்கொண்டிருக்கும். பிறகு யாரோ கயிறு கட்டி இழுத்தது போல் மேலே எகிறும். நாம் அப்படி நடப்பதில்லை. காலைத் தூக்கும்போதே அடுத்த படி எங்கே என்று நமக்குத் தெரியும். பொம்மைக்கும் அதைச் சொல்லித்தர வேண்டும்: இந்த வேகத்தில் போனால் இந்தப் பாதம் அடுத்து எங்கே ஊன்றும் என்று முன்கூட்டிக் கணித்து, கோட்டை அங்கே விட்டு உயரம் பார்த்து, இப்போதைய தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடையே விளிம்பில் இடிக்காத ஒரு வளைவில் பாதத்தைக் கொண்டுபோவது. ரூனே ஸ்கோவ்போ யோஹான்சன் என்ற டென்மார்க் நிரலாளர் 2009இல் தன் முதுகலை ஆய்வேட்டில் இதை ஒரு முழு முறையாகவே செய்துகாட்டினார். சமதரையில் நடப்பதற்காகச் செய்த அனிமேஷன்களை வைத்துக்கொண்டே, அவருடைய பொம்மைகள் படியிலும் சரிவிலும் தடம் தேடி வைத்து நடந்தன.

படிக்கட்டில் இன்னொரு திருட்டுத்தனமும் நடக்கிறது. பொம்மையின் உடம்பு மோதல்களைக் கணக்கிட, அதைச் சுற்றி மாத்திரை வடிவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் உறை இருக்கும். கேப்சூல் என்றுதான் அதன் பெயரே. இந்த மாத்திரை படிப்படியாகத் துள்ளி ஏறினால் கேமராவும் சேர்ந்து துள்ளும், ஆடுகிறவருக்குத் தலை சுற்றும். அதனால் பல விளையாட்டுகளில் படிக்கட்டின் மேல் தெரியாத ஒரு சாய்பலகையைப் போட்டுவிடுவார்கள். மாத்திரை பலகையில் வழுக்கி ஏறும். நாம் பார்ப்பது படிகளை. அப்படியானால் பாதத்தின் கோடு எதில் முட்ட வேண்டும்? பலகையில் முட்டினால் பாதங்கள் படிகளுக்கு மேலே சாய்வாக மிதக்கும். கோட்டுக்கு மட்டும் பலகை தெரியாதபடி, கண்ணுக்குத் தெரியும் படி மட்டும் தெரியும்படி பிரித்துவைக்க வேண்டும். ஒரு விளையாட்டில் சமதரையிலும் பாறையிலும் கால்கள் ஒழுங்காகப் பதிந்து, படிக்கட்டில் மட்டும் மிதந்தால், யாரோ இந்தப் பிரிவினையை மறந்திருக்கிறார்கள் என்று பந்தயம் கட்டலாம்.

இத்தனையும் செய்த பிறகும் பொம்மை கைவிடும் இடங்கள் உண்டு. ஒரு குறுகிய மதில் மேல் நிறுத்துங்கள். பாதங்கள் இரண்டும் மதிலின் இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, கோடுகள் மூன்று மீட்டர் கீழே தெருவில் போய் முட்டும். தாழ்வான பாதம் சொல்கிறபடி இடுப்பை இறக்கு என்ற நம் விதி இங்கே நாயகனை மதிலுக்குள் புதைத்துவிடும். அதனால் ஒரு வரம்பு வைக்கிறோம்: 40, 50 செ.மீ.க்குக் கீழே தரை இருந்தால் அதைத் தரை என்றே எடுத்துக்கொள்ளாதே, ஐ.கே.யை விட்டுவிட்டு அனிமேஷன் சொன்னபடி நில். அப்போது நாயகன் மதிலுச்சியில், இரண்டு பாதங்களும் காற்றில் இருக்க, சமதரையில் நிற்பது போல நிம்மதியாக மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பான். நீங்கள் கன்ட்ரோலரைப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுப்பதற்கு முன் அதையும் ஒருமுறை முயன்று பார்க்கலாம்.